மாதம் எவ்வளவு ஜிஎஸ்டி கட்ட வேண்டும்? ஒரு எலக்ட்ரிக்கல் கடையின் ஜனவரிக் கணக்கு

கோவையில் ஃபேன், ஒயர், சுவிட்ச், பல்பு விற்கும் ஒரு சின்னக் கடையை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். மாதம் 2026 ஜனவரி. கடைக்காரர் தன் நோட்டில் மூன்று வரி எழுதியிருக்கிறார். விற்பனையில் வசூலான வரி 68,400. கொள்முதலில் கொடுத்த வரி 47,700. கட்ட வேண்டியது 20,700.

கழித்தலில் பிழையில்லை. ஆனால் பிப்ரவரி 20ஆம் தேதிக்குள் அவர் வங்கிக் கணக்கிலிருந்து எடுத்துக் கட்ட வேண்டிய தொகை 27,000 ரூபாய். இடையில் இருக்கும் 6,300 ரூபாய் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிப் போனாலே மாதாந்தர ஜிஎஸ்டிக் கணக்கு முழுவதும் பிடிபட்டுவிடும்.

இந்தக் கடை விற்கும் எல்லாச் சரக்குக்கும் வரி 18 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கடை சாதாரண முறையில் பதிவு செய்தது, மாதாமாதம் ரிட்டர்ன் போடுவது. காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதம் கட்டுவார்கள். கொள்முதலில் கொடுத்த வரியைக் கழிக்க முடியாது.

எதிலிருந்து எதைக் கழிக்கிறோம்

சரக்கை விற்கும்போது வாடிக்கையாளரிடம் வாங்கும் வரி அரசுக்குச் சேர வேண்டியது. அதே சரக்கைக் கொள்முதல் செய்தபோது நாம் கொடுத்த வரி, நமக்கு விற்றவர் வழியாக அரசுக்குப் போயிருக்க வேண்டியது. இரண்டாவதை முதலாவதில் கழித்துக்கொள்ளும் உரிமைக்குத்தான் உள்ளீட்டு வரி வரவு என்று பெயர். கடைத்தெருவில் ‘இன்புட்’ என்பார்கள்.

புதிதாகத் தொடங்குபவர்கள் இதை லாபத்தின் மீதான வரி என்று நினைத்துக் குழம்புவதுண்டு. வாங்கிய சரக்கு விற்றதா, குடோனில் கிடக்கிறதா என்பதை இன்புட் பார்ப்பதில்லை. ஆடி மாதத்துக்கு இரண்டு லட்சத்துக்கு ஃபேன் வாங்கி அடுக்கிவிட்டு, அந்த மாதம் அரை லட்சத்துக்குத்தான் விற்பனை ஆனது என்றால், கட்ட வேண்டிய வரி பூஜ்யமாகக்கூட இருக்கும். மிஞ்சிய இன்புட் அடுத்த மாதத்துக்குப் போகும். பிறகு புதுக் கொள்முதல் இல்லாமல் அந்த ஃபேன்களை விற்கும் மாதத்தில் வரி கனமாக வந்து நிற்கும். போன மாதம் ஒன்றும் கட்டவில்லையே, இந்த மாதம் ஏன் இவ்வளவு என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இந்தச் சுழற்சியைத்தான் பார்க்கிறார்கள்.

விற்பனைப் பக்கம்

வரி ஒன்றல்ல, மூன்று பெயரில் வரும். தமிழ்நாட்டுக்குள்ளேயே விற்றால் 18 சதவீதம் இரண்டாகப் பிரிந்து 9 சதவீதம் சிஜிஎஸ்டி, 9 சதவீதம் எஸ்ஜிஎஸ்டி. சரக்கு வேறு மாநிலத்துக்குப் போனால் முழு 18 சதவீதமும் ஐஜிஎஸ்டி. வாங்குபவரின் ஜிஎஸ்டி எண்ணில் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் காட்டும். தமிழ்நாட்டுக்கு 33, கேரளத்துக்கு 32, கர்நாடகத்துக்கு 29. புதுச்சேரிக்கு 34, கடலூர், விழுப்புரம் கடைக்காரர்கள் பக்கத்து ஊர்தானே என்று தவறிவிடும் இடம் இதுதான். வரி மாறிப் போட்டுவிட்டால், சரியான பெயரில் மறுபடி கட்டிவிட்டு, தவறாகக் கட்டியதைத் திருப்பித் தரச் சொல்லி மனுப் போட வேண்டியிருக்கும்.

நம் கடையின் ஜனவரி விற்பனையில் முதலாவது கவுன்டர் விற்பனை. மாதம் முழுக்கச் சில்லறை வாடிக்கையாளர்களிடம் வந்த மொத்தம் 2,36,000 ரூபாய். எம்ஆர்பி விலைக்குள்ளேயே வரி அடங்கியிருக்கிறது என்பதால் இதில் வரியைப் பிரித்தெடுக்க வேண்டும். 2,36,000-ஐ 18 சதவீதத்தால் பெருக்கினால் 42,480 வரும், அது தவறு. 100 ரூபாய்ச் சரக்கு வரியோடு 118 ரூபாய் ஆகிறது, எனவே 118-ல் 18 பங்குதான் வரி.

```
2,36,000 × 18 ÷ 118 = 36,000
2,36,000 − 36,000 = 2,00,000
```

சரக்கின் மதிப்பு 2,00,000, சிஜிஎஸ்டி 18,000, எஸ்ஜிஎஸ்டி 18,000. தவறான வழியில் போயிருந்தால் ஒரே மாதத்தில் 6,480 ரூபாய் கைப்பணம் கூடுதலாகப் போயிருக்கும்.

இரண்டாவது, உள்ளூர் ஒயரிங் கான்ட்ராக்டர்களுக்கு அவர்கள் ஜிஎஸ்டி எண் போட்டுக் கொடுத்த பில்கள். வரிக்கு முந்தைய மதிப்பு 1,50,000. இரண்டு வரியும் தலா 13,500. இதில் பாதிப் பணம் இன்னும் வசூலாகவில்லை. அதனால் வரி குறையாது. பில் தேதி எந்த மாதமோ அந்த மாதத்துக்கு வரி விழுந்துவிடும். கான்ட்ராக்டர் மூன்று மாதம் கழித்துக் கொடுத்தாலும் அரசுக்கு நாம் இப்போதே கட்ட வேண்டும். கடன் வியாபாரம் செய்பவர்கள் விலை பேசும்போதே இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது, பாலக்காட்டுக் கடை ஒன்றுக்கு அனுப்பிய 40,000 ரூபாய் ஒயர். ஐஜிஎஸ்டி 7,200.

கடைசியாக ஒரு கழிவு. ஒரு கான்ட்ராக்டர் 10,000 ரூபாய் சுவிட்சுகளைத் திருப்பிக் கொடுத்தார். அதற்குக் கடை கிரெடிட் நோட் போட்டது. இரண்டு வரியிலும் தலா 900 குறையும். பழைய பில்லைக் கிழித்துப் போட்டுப் புதுப் பில் போடுவது வழியல்ல. அந்தப் பழைய பில் ஏற்கெனவே GSTR-1 என்ற விற்பனை ரிட்டர்னில் ஏறியிருந்தால், வாங்கியவர் அதற்கு இன்புட் எடுத்திருப்பார். இரண்டு பக்கமும் சமன் ஆக வேண்டுமென்றால் கிரெடிட் நோட்தான்.

கூட்டிப் பார்த்தால் சிஜிஎஸ்டி 30,600, எஸ்ஜிஎஸ்டி 30,600, ஐஜிஎஸ்டி 7,200. மொத்தம் 68,400. கடைக்காரர் நோட்டில் எழுதிய எண் இதுதான், இதுவரை சரி. விற்பனை மதிப்பு 3,80,000, அதில் 18 சதவீதம் 68,400 என்று ஒருமுறை ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த விவரங்கள் பிப்ரவரி 11ஆம் தேதிக்குள் GSTR-1-ல் ஏற வேண்டும். அங்கே போட்டதுதான், வரியைக் கணக்கிட்டுக் கட்டும் ரிட்டர்னான GSTR-3B-யில் விற்பனை வரியாகத் தானே வந்து உட்காரும். 2025 ஜூலை மாதக் கணக்கிலிருந்து அந்த எண்ணை 3B-யில் திருத்த முடியாது. தவறு தெரிந்தால் 3B போடுவதற்கு முன்பே GSTR-1A என்ற திருத்தப் படிவம் வழியாகத்தான் சரிசெய்ய வேண்டும்.

கொள்முதல் பக்கம்: சிக்கல் முழுவதும் இங்கேதான்

ஜனவரியில் கடைக்கு வந்த கொள்முதல் பில்கள் ஐந்து. கோவை மொத்த வியாபாரியிடம் ஃபேன், சுவிட்ச் 1,20,000 ரூபாய்க்கு. சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி தலா 10,800. பெங்களூரிலிருந்து ஒயர் 1,00,000 ரூபாய்க்கு, ஐஜிஎஸ்டி 18,000. சென்னையிலிருந்து எல்இடி பல்பு 30,000 ரூபாய்க்கு, தலா 2,700. பில் போட ஒரு பிரின்டர் 10,000 ரூபாய், தலா 900. பொங்கலுக்கு நல்ல வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கச் சுவர்க் கடிகாரங்கள் 5,000 ரூபாய், தலா 450.

எல்லாவற்றையும் கூட்டினால் ஐஜிஎஸ்டி 18,000, மற்ற இரண்டும் தலா 14,850. மொத்தம் 47,700. கடைக்காரர் கழித்த எண் இது. கையில் பில் இருக்கிறது, பணமும் கொடுத்தாயிற்று, பிறகென்ன என்பது அவர் வாதம். சட்டம் இன்னும் இரண்டு கேள்வி கேட்கிறது.

முதல் கேள்வி: விற்றவர் இந்தப் பில்லைத் தன் ரிட்டர்னில் காட்டினாரா? காட்டியிருந்தால் அது நம் GSTR-2B-யில் வரும். ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதி போர்ட்டல் இந்தப் பட்டியலைத் தயாரித்துக் கொடுக்கிறது. 2022 ஜனவரி 1 முதல், 2B-யில் வராத பில்லுக்கு இன்புட் எடுக்க வழியில்லை. அதனால்தான் ஆடிட்டர்கள் 14ஆம் தேதி வரை 3B-யைத் தொடுவதில்லை.

பிப்ரவரி 14 அன்று 2B-யை இறக்கிப் பார்த்தால் நான்கு பில்கள் இருக்கின்றன. சென்னை எல்இடி பில்லைக் காணவில்லை. காரணம் பல இருக்கலாம். அவர் GSTR-1-ஐ 11ஆம் தேதிக்குப் பிறகு போட்டிருந்தால், பில் அடுத்த மாத 2B-யில் வரும். நம் ஜிஎஸ்டி எண்ணைத் தவறாக அடித்திருந்தால் பில் வேறு யாருடைய பட்டியலிலோ போய் விழுந்திருக்கும், அல்லது எண்ணே இல்லாத சில்லறை விற்பனையாகக் காட்டப்பட்டிருக்கும். அவரைத் திருத்தச் சொல்லாமல் அது ஒருநாளும் நம்மிடம் வராது.

மூன்றாவது காரணம் சிறு விற்பனையாளர்களிடம் அடிக்கடி பார்ப்பது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி வரை உள்ளவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடலாம். அப்படிப்பட்டவர் ஜனவரி, பிப்ரவரி பில்களை நடுவிலேயே ஏற்ற ஒரு வசதி இருக்கிறது. போர்ட்டலில் அதன் பெயர் IFF, அடுத்த மாதம் 13ஆம் தேதி வரை நேரம். அவர் அதைப் பயன்படுத்தாவிட்டால் ஜனவரி பில், மார்ச் மாத 2B-யில், அதாவது ஏப்ரல் 14 அன்றுதான் கண்ணில் படும். நம் கடையின் சென்னை விற்பனையாளர் இந்த ரகம். 5,400 ரூபாய் இன்புட் ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியதுதான். இதை ஜனவரிக் கணக்கில் எடுத்துவிட்டால் பிறகு நோட்டீசும் வட்டியும் சேர்ந்து வரக்கூடும். ஒரே விலைக்கு இரண்டு பேர் சரக்குக் கொடுத்தால், மாதாமாதம் ரிட்டர்ன் போடுபவரிடம் வாங்குவது கைப்பணத்துக்கு நல்லது.

இரண்டாவது கேள்வி: இந்தச் செலவுக்கு இன்புட் உண்டா? பிரின்டர் விற்பனைச் சரக்கு அல்ல, ஆனால் கடை வேலைக்கு வாங்கியது, இன்புட் உண்டு. கடிகாரங்கள் இலவசமாகக் கொடுக்க வாங்கியவை. அன்பளிப்பு, இலவச மாதிரி, திருட்டுப்போன அல்லது அழிந்த சரக்கு, சாப்பாட்டுச் செலவு, சொந்த உபயோகம், கார் போன்றவற்றுக்கு இன்புட்டைச் சட்டத்தின் 17(5) பிரிவு மூடி வைத்திருக்கிறது. ஆக 450-ம் 450-ம் போயிற்று.

இங்கே ஒரு விஷயம் புரிய வேண்டும். கடிகாரப் பில் 2B-யில் இருக்கிறது. அதுவும் எடுத்துக்கொள்ளக்கூடிய இன்புட் பகுதியிலேயே இருக்கிறது. கடிகாரம் விற்கவா, கொடுக்கவா என்பது போர்ட்டலுக்குத் தெரியாது. 2B-யில் இருப்பதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பது, 2B-யே பார்க்காமல் எடுப்பதற்கு ஈடான தவறு. இரண்டு சல்லடை இருக்கின்றன. பில் இரண்டிலும் இறங்கி வர வேண்டும்.

3B-யில் இதைக் காட்டும் முறை: 4(A)(5) என்ற கட்டத்தில் 2B-யில் வந்த முழுத் தொகையும், அதாவது ஐஜிஎஸ்டி 18,000, மற்றவை தலா 12,150 இருக்கட்டும். கடிகாரத்துக்கான தலா 450-ஐ 4(B)(1)-ல் திருப்பிக் காட்ட வேண்டும். மேலேயே குறைத்துப் போட்டால் நிகரத் தொகை ஒன்றுதான், ஆனால் 2B-க்கும் 3B-க்கும் ஒத்துப்போகாமல் நிற்கும்.

வெளியூர்ப் பில்களில் இன்னொரு பொறி உண்டு. சரக்கு வாங்க பெங்களூர் போய் லாட்ஜில் தங்கினால் அந்தப் பில்லில் கர்நாடகத்தின் எஸ்ஜிஎஸ்டியும் அங்கேயுள்ள சிஜிஎஸ்டியும் இருக்கும். கோவையில் பதிவு செய்த கடைக்கு இரண்டும் பயன்படாது. நம் ஜிஎஸ்டி எண் போட்டு வாங்கினாலும் இதே கதிதான்.

கடை வாடகை: பில்லே இல்லாத வரி

இந்தக் கடை மாதம் 20,000 ரூபாய் வாடகையில் இருக்கிறது. கட்டட உரிமையாளர் ஜிஎஸ்டியில் பதிவு செய்யாதவர். அவர் வரி கேட்கவில்லை, பில்லும் தரவில்லை. எனவே வரி இல்லை என்று கடைக்காரர் விட்டுவிட்டார்.

2024 அக்டோபர் 10 முதல், பதிவு செய்யாதவரிடமிருந்து வணிகக் கட்டடத்தைப் பதிவு செய்த வியாபாரி வாடகைக்கு எடுத்தால், அந்த வாடகைக்கான 18 சதவீத வரியை வாடகைக்கு இருப்பவரே கட்ட வேண்டும். இதை ரிவர்ஸ் சார்ஜ் என்பார்கள். கொடுப்பவருக்குப் பதில் வாங்குபவர் கட்டுவதால் இந்தப் பெயர். (காம்போசிஷன் வியாபாரிகளுக்கு இந்த வாடகை விதியிலிருந்து பிறகு விலக்குக் கொடுத்துவிட்டார்கள்.) நம் கடைக்கு 20,000-க்கு வரி 3,600, சிஜிஎஸ்டி 1,800, எஸ்ஜிஎஸ்டி 1,800.

இதில் இரண்டு நிபந்தனை உண்டு. ஒன்று, இந்த 3,600-ஐ இன்புட்டிலிருந்து கழிக்க முடியாது. பணமாகத்தான் கட்ட வேண்டும். இன்னொன்று, அப்படிக் கட்டிய தொகையை அதே மாதமே இன்புட்டாக எடுத்துக்கொள்ளலாம். ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்குவது மாதிரிதான். அப்படியென்றால் விட்டுவிட்டால் என்ன என்று தோன்றும். விட்டால் வரி பாக்கியாக நிற்கும், வட்டி ஏறும். கட்டினால் நிகரச் செலவு பூஜ்யம்.

உரிமையாளர் பில் தராததால் கடைக்காரரே தன் பெயருக்கு ஒரு பில் போட்டுக்கொள்ள வேண்டும், முப்பது நாளுக்குள். இது 2B-யில் வராது. 3B-யில் 3.1(d) கட்டத்தில் கட்ட வேண்டிய வரியாகவும், 4(A)(3) கட்டத்தில் இன்புட்டாகவும் கையால் ஏற்ற வேண்டும். முதல் கட்டத்தில் போட்டுவிட்டு இரண்டாவதை மறந்துவிட்டால் மாதம் 3,600 ரூபாய் கையை விட்டுப் போகும். இந்த மறதி ஆச்சரியப்படும் அளவுக்குச் சகஜம்.

இப்போது இன்புட் பட்டியல் முடிந்தது. ஐஜிஎஸ்டி 18,000. சிஜிஎஸ்டி 12,150-ல் 450 கழித்து 11,700, அதோடு வாடகை 1,800 சேர்த்து 13,500. எஸ்ஜிஎஸ்டியும் அதே 13,500.

மூன்று பானைகள்

இன்புட் ஒரே குவியலாக இருப்பதில்லை. ஐஜிஎஸ்டி, சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று மூன்று பானையில் இருக்கிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்ற விதி உண்டு.

ஐஜிஎஸ்டி பானையை முதலில் காலி செய்ய வேண்டும். அது முதலில் ஐஜிஎஸ்டி வரிக்குப் போகும். மிஞ்சினால் சிஜிஎஸ்டிக்கோ எஸ்ஜிஎஸ்டிக்கோ, எந்த விகிதத்தில் வேண்டுமானாலும் பிரித்துக் கொடுக்கலாம். அது தீர்ந்த பிறகே மற்ற இரண்டையும் தொடலாம். சிஜிஎஸ்டி இன்புட், சிஜிஎஸ்டி வரிக்குப் போகும், மிஞ்சினால் ஐஜிஎஸ்டிக்கு. எஸ்ஜிஎஸ்டியும் அப்படியே. சிஜிஎஸ்டியிலிருந்து எஸ்ஜிஎஸ்டிக்கோ, எஸ்ஜிஎஸ்டியிலிருந்து சிஜிஎஸ்டிக்கோ ஒரு ரூபாய்கூட ஊற்ற முடியாது. ஒன்று மத்திய அரசின் பணம், மற்றது மாநில அரசின் பணம்.

நம் கடைக்குப் போட்டுப் பார்ப்போம். ஐஜிஎஸ்டி இன்புட் 18,000-ல் 7,200 பாலக்காட்டு விற்பனைக்குப் போக, மிச்சம் 10,800. இதைப் பாதிப் பாதியாக, தலா 5,400 பிரிக்கிறோம்.

```
CGST: 30,600 − 5,400 − 13,500 = 11,700
SGST: 30,600 − 5,400 − 13,500 = 11,700
ரிவர்ஸ் சார்ஜ்: 1,800 + 1,800 = 3,600
மொத்தப் பணம்: 11,700 + 11,700 + 3,600 = 27,000
```

இந்த மாதத்தில் 10,800-ஐ எப்படிப் பிரித்தாலும் மொத்தம் மாறாது. முழுவதையும் சிஜிஎஸ்டிக்குக் கொடுத்தால் அங்கே 6,300, எஸ்ஜிஎஸ்டியில் 17,100 என்று ஆகும். கூட்டினால் அதே 23,400. ஆனால் எல்லா மாதமும் இப்படி இருக்காது. வேறொரு மாதத்தில் இரண்டு வரியும் தலா 12,000, இரண்டு இன்புட்டும் தலா 8,000, மிஞ்சிய ஐஜிஎஸ்டி இன்புட் 6,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறாயிரத்தையும் சிஜிஎஸ்டிக்குக் கொடுத்தால் அங்கே மீதி 6,000-தான் கட்ட வேண்டும். 8,000 இன்புட்டில் 2,000 சும்மா கிடக்கும். மறுபக்கம் எஸ்ஜிஎஸ்டியில் 4,000 பணமாகக் கட்ட வேண்டும். அதற்குப் பதில் 4,000 சிஜிஎஸ்டிக்கும் 2,000 எஸ்ஜிஎஸ்டிக்கும் கொடுத்திருந்தால் 2,000 பணத்தோடு முடிந்திருக்கும். சும்மா கிடக்கும் இன்புட் அழிந்துபோகாது, அடுத்த மாதம் பயன்படும். ஆனாலும் கைப்பணம் முடங்குகிறது. 3B-யின் 6.1 என்ற பக்கத்தில் போர்ட்டல் தானாக ஒரு பிரிவைப் போட்டுக் காட்டும், அது மாற்றக்கூடியது. ஒரு பானையில் மிச்சமும் இன்னொன்றில் பணப் பாக்கியும் சேர்ந்து தெரிந்தால் கை வைக்க வேண்டும்.

கணக்கு சரிதானா என்று பார்க்கக் குறுக்குவழி ஒன்று இருக்கிறது. விற்பனை வரி 68,400. வாடகையை விட்டுவிட்டுப் பார்த்தால் கிடைத்த இன்புட் 18,000-ம் 11,700-ம் 11,700-ம் சேர்ந்து 41,400. வித்தியாசம் 27,000. வாடகை வரி உள்ளே வந்து வெளியே போய்விடுவதால் மொத்தத்தை அசைக்காது. கடைக்காரர் எதிர்பார்த்ததற்கு மேல் வந்த 6,300 இப்போது விளங்கும்: எல்இடி பில்லுக்குக் காத்திருக்கும் 5,400, கடிகாரத்தில் போன 900.

பணம் கட்டும்போது

சலான் போடும்போதும் தலைப்புகள் தனித்தனி. சிஜிஎஸ்டி 13,500, எஸ்ஜிஎஸ்டி 13,500 என்று பிரித்துப் போட வேண்டும். அவசரத்தில் 27,000-ஐயும் ஒரே தலைப்பில் போட்டுவிட்டால் பணம் தொலையாது. PMT-09 என்ற படிவத்தில் மாற்றிக்கொள்ளலாம். அதை 19ஆம் தேதி இரவில் கண்டுபிடிக்காமல் இருப்பது மேல்.

20ஆம் தேதி தவறினால் இரண்டு செலவு. வட்டி ஆண்டுக்கு 18 சதவீதம். இன்புட் போக, பணமாகக் கட்டும் தொகைக்கு மட்டும். நம் கடை பத்து நாள் தாமதித்தால் 27,000-க்கு வட்டி சுமார் 133 ரூபாய்தான். தாமதக் கட்டணம் நாளுக்கு 50 வீதம் 500 ரூபாய். சின்னத் தொகைக்கு வட்டியைவிட இதுதான் பெரிது. வட்டியையும் தாமதக் கட்டணத்தையும் இன்புட்டில் கழிக்க முடியாது, பணமாகத்தான்.

நோட்டில் ஒரு பத்தி கூடுதலாக

கொள்முதல் ரிஜிஸ்டரில் தேதி, பில் எண், மதிப்பு, வரி என்று எல்லோரும் எழுதுவார்கள். அதன் பக்கத்தில் ‘எந்த மாத 2B’ என்று ஒரு பத்தி போட்டு வைத்தால் பாதிச் சிக்கல் தீரும். ஜனவரியில் நான்கு வரிசைக்கு அது நிரம்பியிருக்கும், எல்இடி வரிசை வெறுமையாக இருக்கும். வெறுமையாக இருப்பதை மட்டும் ஒவ்வொரு 14ஆம் தேதியும் பார்த்தால் போதும். அதே பத்தி, ஒரே பில்லுக்கு இரண்டு மாதம் இன்புட் எடுப்பதையும் தடுக்கும்.

கூடவே ‘பணம் கொடுத்த தேதி’ என்றும் ஒரு பத்தி வேண்டும். கொள்முதல் பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் விற்றவருக்குப் பணம் கொடுக்காவிட்டால், எடுத்த இன்புட்டை வட்டியோடு திருப்பிக் காட்ட வேண்டும். பிறகு பணம் கொடுத்ததும் இன்புட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். வட்டி மட்டும் போனது போனதுதான். பெங்களூர் ஒயர்க்காரருக்கு ஜனவரி பில் பாக்கி வைத்தால் ஜூலையில் இந்தப் பிரச்சினை வரும். ஐஜிஎஸ்டி 18,000 என்பதால் இது கொஞ்சம் வலிக்கும்.

எல்இடி விற்பனையாளர் ஏப்ரலிலும் பில்லைக் காட்டவில்லை என்றால்? 2025–26 நிதியாண்டுப் பில்லுக்கு இன்புட் எடுக்கக் கடைசி நாள் 2026 நவம்பர் 30; அதற்கு முன்பே அந்த ஆண்டின் வருடாந்தர ரிட்டர்னைப் போட்டுவிட்டால் அந்த நாள். அதுவரை அவரைத் தொலைபேசியில் துரத்தலாம், அடுத்த சரக்குக்கான பணத்தில் வரித்தொகையை நிறுத்தி வைக்கலாம். அந்த நாளும் தாண்டிவிட்டால் பில் கையில் இருந்தும் பயனில்லை. 5,400 ரூபாய் கடையின் செலவாகிவிடும்.